உருக்கச் சொன்னவள்

அந்தத் துணி கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் ‘செக்கிங்கம்மா’. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகவேண்டும். தையல் அரை விரல் விலகியிருந்தாலும், காலருக்குள் நூல் முடிச்சு ஒளிந்திருந்தாலும் அவள் கண் விடாது. “உனக்குக் கண்ணா, கழுகா?” என்று தையல் பெண்கள் கேலி செய்வார்கள். “ரெண்டுமில்லடி, வயிறு. ஒரு சட்டை திரும்பி வந்தா என் சம்பளத்துலதான் பிடிப்பான்” என்பாள்.

ஊரார் பிழையையெல்லாம் கண்டுபிடித்தவள், தன் பிழை ஒன்றை இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் மடித்து வைத்திருந்தாள். அது இரவில் அவளைப் புரட்டி எடுத்தது. பகலில் மருமகள் சிரிக்கும்போதெல்லாம் குத்தியது.

மருமகள் நல்லவள். அதுதான் பெரிய கஷ்டம். கெட்ட மருமகளாக இருந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், தன் அம்மா சாகும் முன் தனக்குப் போட்டுவிட்ட, கல் பதக்கம் கோத்த ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி மாமியார் கையில் வைத்தாள் அவள்.

“அத்தை, நான் தையல் கடைக்குப் போயிட்டா வீடு பூட்டிக் கிடக்கும். எங்க ரூம் பீரோ பூட்டு வேற சரியில்ல. இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குக் கவலையே இருக்காது.”

அந்தச் சங்கிலியில்தான் கை வைத்தாள் செக்கிங்கம்மா.

தனக்காக இல்லை. ஒரு மத்தியானம் மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை ஆபீஸ் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டானாம். திங்கட்கிழமைக்குள் வைக்காவிட்டால் வேலை போய்விடும், போலீசுக்கும் போவார்களாம். “அண்ணனுக்குத் தெரியக்கூடாதும்மா. அண்ணிக்குத் தெரிஞ்சா நான் இந்த வாசப்படி மிதிக்கவே முடியாது” என்று மகள் விம்மினாள். தாய் மனசு எங்கே கணக்குப் பார்க்கும்? ஆறே மாசத்தில் திருப்பித் தந்துவிடுவதாக மாப்பிள்ளை சத்தியம் செய்தான். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை.

மூன்று தெரு தள்ளி ஒரு நகை ஆசாரி இருந்தான். சங்கிலியின் கொக்கிப் பக்கம், பிடரியில் விழும் நீளத்தை, ஒரு பவுன் அளவுக்கு வெட்டி எடுத்தான். அவை உள்ளே வெற்றிடமாக, கூடாக இருந்த கண்ணிகள். அந்த இடத்தில் கெட்டியான வெள்ளிக் கண்ணிகளைக் கோத்து, எடை பழையபடியே வருமாறு சரிசெய்து, மேலே கனமாகத் தங்க முலாம் பூசிக் கொடுத்தான்; வெட்டிய தங்கத்துக்கு அவன் தந்த பணம் அன்றே மகள் கைக்குப் போனது.

“தேய்ச்சாத்தான் தெரியும். தேய்க்க விடாதீங்க.”

“ஒருநாள் விக்கறா மாதிரி வந்தா?”

“உருக்கிட்டா எது எங்க இருந்துச்சுன்னு எந்தக் கடவுளுக்கும் தெரியாது” என்று சிரித்தான் அவன்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தாள். மருமகள் ஏதாவது விசேஷத்துக்குச் சங்கிலியைக் கேட்டால், “பஸ்ல போறோம், திருடன் காலம் கண்ணு, கவரிங் போதும்” என்பாள். மருமகளும் தலையாட்டிவிட்டுக் கவரிங்கைப் போட்டுக்கொள்வாள்.

அப்படி இருக்கையில்தான் மருமகளுக்குச் சொந்தக் கடை ஆசை நிறைவேறும் நேரம் வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை காலியானது. அட்வான்ஸ் கொடுத்து, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் வாங்கிவிட்டால், இன்னொருத்தி கடையில் கூலிக்குத் தைக்க வேண்டியதில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். சரக்கு வண்டி ஓட்டும் மகனிடம் அவ்வளவு பணம் ஏது?

“அத்தை, சங்கிலிய வித்துடலாம்” என்றாள் மருமகள். “அம்மா இருந்தா அவளே வித்துக்கோன்னு சொல்லியிருப்பா.”

செக்கிங்கம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. நானும் கூட வருகிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

பழைய நகை வாங்கும் கடை அது. முன்னால் ஒரு கண்ணாடி மேஜை. அதன் மேல் தராசும், தங்கத்தின் தரம் பார்க்கும் ஒரு பெட்டி மெஷினும் இருந்தன. பக்கவாட்டில் இடுப்பு உயரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கரி படிந்த சுவர், ஒரு சின்ன உலை. அதன் முன்னே நெருப்புப் பட்ட தழும்புகளோடு உருக்குகிறவர் உட்கார்ந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் கடை முதலாளி.

மருமகள் சங்கிலியையும், அது வாங்கிய ரசீதையும், தன் அடையாள அட்டையையும் எடுத்து வைத்தாள். முதலாளி சங்கிலியைத் தராசில் வைத்தார்.

“நாப்பத்து மூணு கிராம்.”

“ரசீதுலயும் அதேதான் இருக்கு” என்றாள் மருமகள் சந்தோஷமாக. “இன்னிக்கு போர்டுல போட்டிருக்கற விலைக்குக் கணக்குப் போட்டா...”

முதலாளி சிரித்தார். “அவசரப்படாதம்மா. நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் குடுத்தீங்கல்ல? விக்கும்போது அதுல ஒரு பைசா திரும்பி வராது. அது செஞ்சவன் கூலி, அவன் சாப்பிட்டுட்டான். நாங்க தங்கத்துக்கு மட்டும்தான் குடுப்போம். அதுவும் போர்டு விலைக்குக் கொஞ்சம் கீழதான். போர்டு விலை நாங்க விக்கற விலை.”

“சரி, தங்கத்துக்கே குடுங்க.”

“அதையும் பிரிச்சுப் பாக்கணும்.” அவர் பதக்கத்தைத் தட்டிக் காட்டினார். “இந்தச் சிவப்புக் கல்லு தங்கமில்ல. கல்லுக்குப் பின்னாடி அரக்கு வெச்சிருப்பாங்க, அதுவும் தங்கமில்ல. கல்ல எடுத்து உங்க கையிலயே குடுத்துடறேன். அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம்.”

கல்லையும் அரக்கையும் நெம்பி எடுத்து, சங்கிலியைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்த பிறகு தராசு நாற்பது காட்டியது. மருமகளின் முகம் சுருங்கியது. செக்கிங்கம்மாவுக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இத்தனை கழிவு இருக்கிறதே! கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு, அழுக்குக்குக் கழிவு. இந்தக் கூட்டத்தில் தன் திருட்டும் முக்காடு போட்டுக்கொண்டு போய்விடாதா?

முதலாளி பதக்கத்தையும் சங்கிலியின் முன்பக்கத்தையும் மெஷினுக்குள் வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றொன்றே சொச்சம் காட்டியது.

“நல்ல தங்கம்தான். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. ஆனா இந்த மெஷின் மேல்தோலத்தான் பாக்கும்மா. உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால ரெண்டு வழி. ஒண்ணு, உருக்காம இப்படியே வாங்கிக்கறேன். ஆனா நாலஞ்சு இடத்துல அரம் போட்டு உள்ள வரைக்கும் ராவி, உரைகல்லுல உரசிப் பாப்பேன். கண்ணிகள ஒட்டிப் பத்தவெச்ச இடத்துக்கெல்லாம் சேத்து நூத்துக்கு மூணு கழிப்பேன்.”

“இன்னொண்ணு?”

“உங்க கண்ணு முன்னாடியே உருக்கறோம். உருக்கினா எடை கொஞ்சம் குறையும். நூத்துக்கு அரையோ ஒண்ணோ. ஒட்டவெச்ச பத்தாசு எரியும், பிசுக்கு எரியும். அப்புறம் அந்தக் கட்டியோட தரத்த மறுபடி மாத்துப் பாத்து, என்ன வருதோ அதுக்குக் காசு. ஆனா ஒண்ணு, உருக்கிட்டா நகை திரும்பி வராது. வேணாம்னு எடுத்துட்டுப் போனாலும் கட்டியாத்தான் எடுத்துட்டுப் போகணும்.”

மருமகள் சங்கிலியை வருடினாள். “அம்மா போட்டது... உருக்க மனசு வரல. நீங்க அரம் போட்டே பாருங்க சார்.”

முதலாளி அரத்தைக் கையில் எடுத்தார். சங்கிலியை மெல்லத் திருப்பி, கொக்கிப் பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். இன்னும் நான்கு கண்ணி. மூன்று கண்ணி.

“வேணாம்!” என்று கத்திவிட்டாள் செக்கிங்கம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அரம் போட்டா பொடி உதிரும் கண்ணு. அதுவும் நம்ம தங்கம்தானே? மூணு கழிக்கறாங்களாம், எதுக்குக் குடுக்கணும்? உருக்கிடலாம். உருக்கினா ஒண்ணுதான் போகும்.”

“அத்தை, அம்மாவோடது...”

“விக்கறதுன்னு ஆச்சு. அப்புறம் அது சங்கிலியா இருந்தா என்ன, கட்டியா இருந்தா என்ன? உருக்கச் சொல்லு.”

சாதாரணமாக மருமகள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள், இன்று பிடிவாதம் பிடித்தாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டாள். அந்த வார்த்தை செக்கிங்கம்மாவின் நெஞ்சில் சூட்டுக்கோலாக இறங்கியது.

உருக்குகிறவர் சங்கிலியைக் கையில் வாங்கி, இருவருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். “ரெண்டு பேரும் இங்கயே நின்னு பாத்துக்குங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

அவர் சங்கிலியை மூசை என்னும் மண் கிண்ணத்துக்குள் இறக்கி, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவினார். தீ சீறியது. சரியாக அந்த நேரம் மருமகளின் போன் அடித்தது. கட்டடக்காரர். “வந்துட்டே இருக்கோம் சார், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டே அவள் வாசலுக்குப் போனாள். தடுப்போரம் செக்கிங்கம்மா மட்டும் நின்றாள். எட்டி எட்டிப் பார்த்தாள். முன்பக்கக் கண்ணிகள் குழைந்தன. கொக்கிப் பக்கக் கண்ணிகளும் குழைந்தன. மஞ்சளும் வெளுப்பும் ஒன்றோடொன்று கலந்து, ஒரே துளியாகி, உருண்டு பளபளத்தது. அவ்வளவுதான். எது எங்கே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அவள் பெருமூச்சு விட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு விட்ட முதல் பெருமூச்சு.

உருக்குகிறவர் அச்சில் ஊற்றினார். கட்டி ஆறியது. அவர் அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“முதலாளி, நிறம் ஒரு மாதிரி இருக்கே.”

மருமகள் உள்ளே வந்தபோது முதலாளி கட்டியைத் தராசில் வைத்திருந்தார். முப்பத்தொன்பதே முக்கால் இருக்கும். “எடை சரிதான். கழிவு கம்மிதான்” என்றபடி மெஷினுக்குள் வைத்தார். எண்ணைப் பார்த்தார். எடுத்துத் திருப்பி மறுபக்கம் வைத்தார். நடுவில் துளைபோட்டு அந்தச் சீவலையும் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“எழுபத்துமூணு.”

“என்னது?” என்றாள் மருமகள்.

“நூத்துக்கு எழுபத்துமூணுதான் தங்கம். மீதியில பெரும்பகுதி வெள்ளி. இதுல ஒரு பவுன் தங்கம் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளி இருக்கு.”

செக்கிங்கம்மா கட்டியையே வெறித்தாள். நெருப்பு மூடிவிடும் என்று நம்பியிருந்தாளே! எந்தக் கண்ணி என்பதைத்தான் நெருப்பு மறைத்தது. எவ்வளவு என்பதைக் கட்டியின் மூலைமுடுக்கெல்லாம் எழுதி வைத்துவிட்டதே! அரம் கொக்கிப் பக்கத்தைத் தொடாமல் போயிருக்கலாம். நெருப்பு ஒன்றையும் விடவில்லை.

“பத்தவெச்சதுனால குறைஞ்சிருக்குமோ?” என்று ஈனஸ்வரத்தில் கேட்டாள்.

“அதுல ஒண்ணு குறையும்மா, ரெண்டு குறையும். ரொம்பப் பழசுன்னா மூணு. பதினெட்டு குறையாது.”

மருமகளின் முகம் சிவந்தது. “இப்பதானே தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னீங்க? உங்க வாயாலதானே சொன்னீங்க? உருக்கறதுக்கு முன்னாடி நல்ல தங்கம், உருக்கின பிறகு வெள்ளியா? உள்ள என்னத்தப் போட்டீங்க? இது எங்கம்மா எனக்குப் போட்டதுய்யா! நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுச் சேத்தது. செத்தவ நகையில வெள்ளி இருக்குன்னு சொல்றீங்களா? எங்கம்மா என்னை ஏமாத்தினான்னு சொல்றீங்களா?”

“வார்த்தைய அளந்து பேசும்மா.”

“நான் போன் பேசப் போன நேரத்துல மாத்திட்டீங்க! கேமராவப் போடுங்க, பாக்கலாம்.”

முதலாளி தயங்கினார். “கேமரா கல்லாவத்தான் பாக்குது...”

“அதானே! உங்க காசை மட்டும் பாத்துக்கும். எங்க தங்கத்த யாரு பாக்கறது?”

சத்தம் கேட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். முதலாளிக்குக் கடையின் பெயர் முக்கியம். அவர் உருக்குகிறவர் பக்கம் திரும்பினார். “என்னய்யா? மூசையில முன்னாடியே ஏதாவது கிடந்துச்சா? கைய கிய வெச்சியா?”

உருக்குகிறவர் எழுந்து நின்று, சட்டைப் பையைத் திருப்பி வெளியே இழுத்தார். கால்சட்டைப் பையையும் இழுத்தார். பீடிக்கட்டு ஒன்றும் பஸ் சீட்டு ஒன்றும் விழுந்தன. தழும்பேறிய இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“என் மூசை காலியாத்தான் இருந்துச்சு முதலாளி. இந்தம்மாவக் கேளுங்க. கூடவே நின்னாங்க.”

எல்லாக் கண்களும் செக்கிங்கம்மா மேல் விழுந்தன. மருமகள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அத்தை, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. இந்த ஆளு என்ன செஞ்சான்?”

பாவம் செய்தவளுக்குத் தப்பிக்க ஒரு கதவு திறந்தது. உண்மை தெரிந்த ஒரே சாட்சி அவள். அவள் உதடு அசைந்தது.

“புகை... கண்ணு எரிஞ்சுது. நான் சரியா பாக்கல.”

உருக்குகிறவர் நிமிர்ந்தார். “அம்மா, சங்கிலி குழைஞ்சு துளியாகற வரைக்கும் எட்டி எட்டிப் பாத்தீங்களேம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சிச் சொன்னார். முதலாளி, “வெளியே போய் நில்லுய்யா. போலீசு வரட்டும். இனிமே இந்த உலைப் பக்கம் வராதே” என்றார். அந்த மனிதர் குனிந்து தரையில் கிடந்த பீடிக்கட்டைப் பொறுக்கினார்.

தன் மாப்பிள்ளையைத் திருடன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றல்லவா அவள் திருடினாள்? இதோ, எந்தப் பாவமும் அறியாத ஒருத்தர் அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு வாசலுக்கு நடக்கிறார். அவருக்கும் ஒரு வீடு இருக்காதா? அந்த வீட்டிலும் ஒருத்தி காத்திருக்க மாட்டாளா?

“நில்லுங்க!” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “அவரை விடுங்க. அவர் எதுவும் செய்யல. நான்தான்.”

“அத்தை?”

“கொக்கிப் பக்கம் வெள்ளி. ரெண்டு வருஷமாச்சு. ஒரு பவுன் வெட்டி எடுத்தேன் கண்ணு. உன் நாத்தனாருக்காக... அவ புருஷனுக்காக. அரம் பட்டா தெரிஞ்சுடும்னுதான் உருக்கச் சொன்னேன்.”

மருமகள் பற்றியிருந்த கையை மெதுவாக விட்டாள். கத்துவாள் என்று செக்கிங்கம்மா காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். மருமகள் அவளைப் பார்க்கவே இல்லை. நேரே வாசலுக்குப் போய், உருக்குகிறவர் முன்னால் கைகூப்பி நின்றாள்.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே. நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன்.”

“விடும்மா” என்றார் அவர். திருப்பிய பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு போய் உலை முன் உட்கார்ந்தார். முதலாளியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. செக்கிங்கம்மா தடுப்போரம் போய் நின்று, “ஐயா...” என்று ஆரம்பித்தாள். அவர் தீயை ஏற்றினார். அந்தச் சீறலில் அவள் குரல் காணாமல் போனது.

எழுபத்துமூன்றுக்கு என்ன வருமோ அதற்குக் கணக்குப் போட்டு முதலாளி பணம் கொடுத்தார். அறை அட்வான்சுக்குப் போதும். மெஷினுக்குக் காணாது. கல்லைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். மருமகள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் மருமகள் இரண்டு சீட்டு வாங்கினாள். ஆனால் முன்னால் போய் வேறொரு இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து பார்க்க, அவள் பிடரி வெறுமையாக இருந்தது. செக்கிங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இறங்கியதும்தான் மருமகள் பேசினாள்.

“வெட்டினதைக்கூட விட்டுடறேன் அத்தை. அந்தக் கட்டிய பாத்து ஒரு நிமிஷம் எங்கம்மாவ சந்தேகப்பட்டேன். வாயில சண்டை போட்டுட்டே, மனசுக்குள்ள, ஒருவேளை அம்மாவே மட்டமா வாங்கிப் போட்டுட்டாளோன்னு நினைச்சேன். செத்தவகிட்ட நான் எப்படிப் போய் மன்னிப்புக் கேட்கறது?”



அந்தச் சின்ன அறையின் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மகன் காத்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. மருமகள் பணத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் எண்ணிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

“என்ன இது, இவ்வளவுதானா? ஏமாத்திட்டாங்களா? என்னென்னமோ கழிப்பாங்களே, அதுல போச்சா?”

“கழிவு கொஞ்சம்தான்” என்றாள் மருமகள். “மீதிய உங்கம்மா சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டு அவள் கட்டடக்காரரைத் தேடிப் பக்கத்து மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். பொய் சொல்ல இடம் கொடுத்தே போயிருந்தாள். மாப்பிள்ளை மானம், மகள் மானம், எதை வேண்டுமானாலும் இப்போது காப்பாற்றிக்கொள்ளலாம். மகன் எதைச் சொன்னாலும் நம்புவான்.

“என்னம்மா? ஏன் அழறே? யாரு எடுத்தது?”

செக்கிங்கம்மா ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன் அம்மாதாம்ப்பா எடுத்தா” என்றாள்.